நான்காவது வெட்டுக்கு முன்

2011இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில், திரையின் இடது மேல் மூலையில் இரண்டு பட்டைகள் உண்டு. மேலே இருக்கும் சிவப்புப் பட்டை உயிர். அதற்குக் கீழே உள்ள பச்சைப் பட்டை ஸ்டாமினா, அதாவது உடலில் மிச்சமிருக்கும் தெம்பு. புதிதாக ஆடுபவர் சிவப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாட்கள் போனபின் அவர் கண் தானாகப் பச்சைக்கு இறங்கிவிடும். அந்த விளையாட்டில் சாவு சிவப்பில் நடக்கிறது என்றாலும், அது முடிவாவது பெரும்பாலும் ஓரிரு நொடி முன்னதாகப் பச்சையில்தான்.

ஸ்டாமினா பட்டையைப் பலரும் அதன் நீளத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். நீளமானால் நல்லது, குட்டையானால் தொல்லை என்று எண்ணுகிறார்கள். என் பார்வையில் நீளம் இரண்டாம்பட்சம். பட்டை பூஜ்யத்தைத் தொடும்போது என்ன நடக்கிறது, மறுபடி நிரம்ப எப்போது தொடங்குகிறது, எந்தச் செயல் அந்த நிரம்பலைத் தடுக்கிறது என்ற விதிகள்தான் ஒரு விளையாட்டின் சண்டைக்கும் ஓட்டத்துக்கும் குணத்தைத் தருகின்றன. இந்த விதிகளை டார்க் சோல்ஸ் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே வாளை வீசினால் பச்சை குறையும். உருண்டு தப்பினாலும், ஓடினாலும், எதிரியின் அடியைக் கேடயத்தில் வாங்கினாலும் குறையும். இவை எதையும் செய்யாமல் நின்றாலோ நடந்தாலோ அடிப்படை நிலையில் நொடிக்கு 45 அலகு வீதம் திரும்ப ஏறும். ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது ஏறாது. கேடயத்தை உயர்த்திப் பிடித்திருந்தால் ஏறும், ஆனால் மிக மெதுவாக. இந்தக் கடைசி விதியில்தான் அந்தச் சண்டைமுறையின் உயிரே இருக்கிறது.

ஒரு மோதலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயுதத்துக்கு ஆயுதம் செலவு மாறும் என்பதால், கணக்கின் வசதிக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். கையில் 100 அலகு இருக்கிறது. ஒரு வெட்டுக்கு 20, ஓர் உருளலுக்கு 25 செலவாகிறது. எதிரியின் ஓர் அடி 70 அலகு ஸ்டாமினாவைப் பறிக்கக்கூடியது. கேடயத்தின் நிலைப்புத்தன்மை 60 என்றால் அந்த 70இல் 60 விழுக்காட்டைக் கேடயம் தாங்கிக்கொள்ளும். மீதி 28 நம் பட்டையிலிருந்து போகும்.

எதிரி அடித்து முடித்துத் தடுமாறும் இடைவெளியில் நாம் நெருங்கி மூன்று வெட்டு வெட்டுகிறோம். 60 போய் 40 மிச்சம். எதிரியின் உயிர்ப்பட்டை ஏறத்தாழ முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வெட்டுதான் என்று தோன்றுகிறது. நான்காவதையும் வெட்டினால் 20 மிச்சம். எதிரி சாகவில்லை, அவன் வாள் இறங்குகிறது. கேடயத்தைத் தூக்குகிறோம். 28 தேவைப்படும் இடத்தில் 20தான் இருக்கிறது. கேடயம் விலகிக் கை விரிந்து, சில கணங்கள் எதையும் செய்ய முடியாமல் நிற்கிறோம். அடுத்த அடி நேராக உடம்பில் விழுகிறது.

மூன்றோடு நிறுத்தியிருந்தால்? 40 அலகோடு கேடயத்தைத் தூக்கியிருப்போம். 28 போய் 12 மிச்சம். காவல் உடையவில்லை. 25 செலவாகும் உருளலை 12 அலகை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா என்று கேட்கலாம். முடியும். டார்க் சோல்ஸில் பூஜ்யத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தாலே ஒரு செயலைத் தொடங்கலாம். பற்றாக்குறை, கண்ணுக்குத் தெரியாத கடனாகப் பூஜ்யத்துக்குக் கீழே எழுதப்படும். இங்கே கடன் 13. நொடிக்கு 45 வீதம் ஏறும்போது அதை அடைக்கக் கால் நொடிக்குச் சற்று அதிகமாகும். அதுவரை திரையில் பட்டை காலியாகவே தெரியும், பொத்தானை அழுத்தினாலும் பாத்திரம் அசையாது. கனமான பெருவாளை வீசுபவருக்கு இந்தக் கடன் இன்னும் பெரிதாகும். ஆகவே அவர் கடைசி வீச்சுக்குப் பின் அதிக நேரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு வெட்டைக் கூடுதலாக வெட்டியதுதான் இந்த இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வித்தியாசம். ஆடுபவர்கள் இதைப் பேராசை என்று சொல்வது வழக்கம், அது சரியான சொல்தான். பட்டை நான்காவது வெட்டைத் தடுத்து நிறுத்தவில்லை. அனுமதித்தது, பிறகு விலையைக் கேட்டது.

இனி கேடய விதிக்கு வருவோம். பயந்தவர் கேடயத்தைத் தூக்கியபடியே எதிரியைச் சுற்றிவருவார். பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பார். ஆனால் அந்த நிலையில் அவருடைய பச்சை ஊர்ந்துதான் ஏறும். எதிரி இரண்டு மூன்று முறை ஓங்கித் தட்டினால் இருப்பு கரைந்து காவல் உடையும். கேடயத்தை இறக்கிவிட்டு ஒரு நொடி நின்றால் 45 அலகு, இரண்டு நொடி நின்றால் 90 அலகு கிடைக்கும். பட்டை நிரம்ப வேண்டுமென்றால் உடலைத் திறந்து காட்டித்தான் ஆகவேண்டும். எதிரியின் தோள் அசைவைப் பார்த்து, இந்த இடைவெளியில் அவன் அடிக்கமாட்டான் என்று தெரிந்தவரால்தான் கேடயத்தை இறக்க முடியும். எதிரியைப் படித்த அறிவு இங்கே நேரடியாக ஸ்டாமினாவாக மாறுகிறது. பச்சைப் பட்டை வெறும் தடையாக இல்லாமல் சண்டையின் மொழியாகவே ஆகிவிடுவது இந்த ஒரு விதியால்தான்.

நீளத்தை இரண்டாம்பட்சம் என்று சொன்னதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. டார்க் சோல்ஸில் ‘எண்டியூரன்ஸ்’ என்ற பண்பை உயர்த்தினால் பட்டை நீளும். அது 40ஐத் தொடும்போது பட்டை 160 அலகாகி அத்தோடு நின்றுவிடும். ஆனால் பட்டை நீள்வதால் நிரம்பும் வேகம் கூடுவதில்லை. மாடியில் பெரிய தொட்டியை வைத்துவிட்டு, அதே பழைய அரை அங்குலக் குழாயில் தண்ணீர் ஏற்றுவதைப் போன்றது இது. முதல் பாய்ச்சலில் கூடுதலாக மூன்று வெட்டுக் கிடைக்கும். அதன்பின் நீண்ட சண்டையில், குட்டைப் பட்டைக்காரரைப் போலவே நொடிக்கு 45க்குள் வாழவேண்டும். அனுபவசாலிகள் பட்டையின் நீளத்தை ஓர் அளவோடு நிறுத்திவிட்டு, நிரம்பும் வேகத்தைக் கூட்டும் பொருட்களைத் தேடிப்போவது இதனால்தான். ‘கிராஸ் கிரெஸ்ட் ஷீல்டு’ என்ற எளிய கேடயம், தடுப்பதற்காக அல்லாமல் முதுகில் சும்மா மாட்டிக்கொள்வதற்காகவே அத்தனை பேருக்குப் பிடித்துப்போனது. முதுகில் இருந்தாலும் அது ஸ்டாமினா ஏறும் வேகத்தைக் கூட்டும்.

இதெல்லாம் மனித உடலைப் பார்த்து எழுதப்பட்ட விதிகளா என்றால், ஓரளவுக்குத்தான். முழு வேகத்தில் ஓடும் தசைக்கு உடனடி ஆற்றலைத் தரும் பாஸ்ஃபோகிரியேட்டின் இருப்பு சுமார் 10 நொடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், அதில் பாதி திரும்ப ஏற அரை நிமிடம் போல ஆகும். முழுதாகத் தேற நிமிடங்கள் வேண்டும். டார்க் சோல்ஸில் 160 அலகுப் பட்டை முழுவதும் காலியானாலும் நான்கு நொடிக்குள் நிரம்பிவிடும். உடலின் தாளத்தை அப்படியே கொண்டுவந்தால் ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு ஆடுபவர் ஐந்து நிமிடம் மூச்சுவாங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். செலவாகி மீளும் இருப்பு என்ற வடிவத்தை மட்டும் உடலிலிருந்து எடுத்துக்கொண்டு, காலத்தை எதிரியின் வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு ஏற்பச் சுருக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு பட்டை எதார்த்தமாக இருக்கிறதா என்று கேட்பதைவிட, எதிரிகளின் தாளத்தோடு அது பொருந்துகிறதா என்று கேட்பதே பயன் தரும்.

பூஜ்யத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும் என்ற வாசல் விதி எல்லா இடத்திலும் நன்மை செய்துவிடாது. அதே 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டிலும் பலத்த அடி அடிக்க, ஸ்டாமினா பூஜ்யத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் போதும். அங்கே ‘வெஜிடபிள் சூப்’ என்று ஓர் உணவு இருக்கிறது. தக்காளி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, லீக் போட்டுக் கொதிக்கவைத்தது. குடித்தால் 720 நொடிகளுக்கு, நொடிக்கு ஓர் அலகு ஸ்டாமினா திரும்பும். ஓர் அலகு என்பது கவனிக்கத் தேவையில்லாத அளவு போலத் தோன்றும். ஆனால் வாசல் விதியோடு சேர்ந்தால் பட்டை ஒருபோதும் பூஜ்யத்தில் நிற்காது என்று ஆகிவிடுகிறது. ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்துவிட்டு 12 நிமிடம் ஓயாமல் பலத்த அடி அடித்துக்கொண்டே இருக்கலாம். அதே விதி டார்க் சோல்ஸில் ஏன் உடையவில்லை? அங்கே பற்றாக்குறை கடனாக எழுதப்பட்டு அடைபடும்வரை கை கட்டப்படுகிறது, கூடவே செயல் நடக்கும்போது நிரம்பலும் நின்றுவிடுகிறது. வாசலை அகலத் திறந்துவைத்தால் கடன் கணக்கையும் எழுதியாக வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டை திரையில் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது.

டார்க் சோல்ஸை இயக்கிய ஹிடேடாகா மியாசாகி, 2019இல் வந்த ‘செகிரோ’வில் ஸ்டாமினாவை முற்றாக எடுத்துவிட்டார். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம், வெட்டலாம். அதற்குப் பதில் ‘போஸ்ச்சர்’ என்ற பட்டை வந்தது. அடியைத் தடுக்கத் தடுக்க அது ஏறும், நிரம்பினால் நிலை குலையும். எதிரிக்கும் அதேதான். அதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும்: வாளைத் தடுப்பு நிலையில் பிடித்திருந்தால் போஸ்ச்சர் விரைவாகத் தணியும். கேடயத்தை இறக்கினால்தான் தெம்பு திரும்பும் என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர், இங்கே காவலில் நில், அப்போதுதான் தேறுவாய் என்கிறார். பின்வாங்கி மூச்சு வாங்கும் சண்டையை, நகராமல் முகத்துக்கு முகம் நிற்கும் சண்டையாக மாற்ற அந்த ஒரு திருப்பமே அடித்தளமாக இருந்தது. செகிரோவுக்குப் போன டார்க் சோல்ஸ் ரசிகர்கள் பலர் ஆரம்பத்தில் திணறியதற்குக் கை வேகம் போதாதது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடி விழும் என்று தெரிந்ததும் விலகி ஓடி நிரப்பிக்கொள்ளும் பழக்கம் விரல்களில் ஊறிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்துக்குச் செகிரோ பரிசு எதுவும் தருவதில்லை. விலகி ஓடும் நேரத்தில் எதிரியின் போஸ்ச்சர் தணிந்துவிடும்.

ஓட்டத்தின் கதை வேறு. சண்டையில் ஒவ்வோர் அலகுக்கும் எதிரே ஓர் ஆபத்து நிற்கிறது. வெட்டவெளியில் ஓடும்போது எதிரே ஒன்றுமில்லை. அங்கேயும் அதே பட்டையை வைத்தால் அது எதைக் கட்டுப்படுத்துகிறது?

2017இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இதற்கு நல்ல சான்று. ஸ்டாமினா அங்கே நாயகன் லிங்க்கின் அருகிலேயே தோன்றும் பச்சை வட்டம். கண்ணை மூலைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஏறினாலும், நீந்தினாலும், பாராகிளைடரில் மிதந்தாலும், ஓடினாலும் வட்டம் தேயும். ஓடும்போது முழுவதும் தேய்ந்துவிட்டால் லிங்க் மூச்சிரைக்கத் தள்ளாடுவான். வட்டம் முழுதாக நிரம்பும்வரை மறுபடி ஓட முடியாது. ஒரு துளி மிச்சம் வைத்துப் பொத்தானை விட்டால் இந்தத் தண்டனை இல்லை.

மலையேற்றத்தில் இந்த வட்டம் அற்புதமாக வேலை செய்கிறது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, பாறையில் கால் ஊன்றி இளைப்பாறக்கூடிய திட்டு எங்கே இருக்கிறது, அதுவரை வட்டம் தாங்குமா என்று கணக்கிட வைக்கிறது. தவறினால் விழுவோம். மழை வந்தால் பாறை வழுக்கும், முழுக் கணக்கும் மாறும். மலை ஒரு கேள்வியாகிவிடுகிறது. அதே வட்டம் புல்வெளியில் ஓடும்போது எந்தக் கேள்வியையும் கேட்பதில்லை. அழுத்து, விடு, நட, மறுபடி அழுத்து என்று விரலுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். வேக ஓட்டப் போட்டியாளர்கள் இதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லிங்க்கை விசிலடிக்க வைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஓட்டப் பொத்தானைத் தட்டித் தட்டி அழுத்தினால், ஸ்டாமினா தேயாமல் ஓடலாம். கட்டைவிரல் வலிக்கும். அப்படியும் போட்டியில்லாத சாதாரண ஆட்டக்காரர்கள்கூட இதைக் கற்றுக்கொண்டார்கள். விரல் வலியைச் சகித்துக்கொண்டு ஒரு விதியைத் தவிர்க்கிறார்கள் என்றால், அந்த விதி அந்த இடத்தில் அவர்களுக்கு எதையும் தரவில்லை என்றுதான் பொருள். மலையேற்ற வட்டத்தைத் தவிர்க்க முடிந்திருந்தால் விளையாட்டே வீணாகியிருக்கும். ஓட்ட வட்டத்தைத் தவிர்த்ததால் எதுவும் கெடவில்லை.

2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ இதற்கு நேரடியான தீர்வைத் தந்தது. எதிரிகள் நம்மைக் கவனிக்காதவரை எவ்வளவு ஓடினாலும் பச்சை குறையாது. எவனாவது கவனித்துவிட்டால் அந்தக் கணத்திலிருந்து ஓட்டத்துக்குச் செலவு தொடங்கும். சண்டைக்குள் டார்க் சோல்ஸின் பழைய கறார் கணக்கு அப்படியே இருக்கிறது. பரந்த நிலப்பரப்பைக் கடக்கும்போது அது வாயைத் திறப்பதில்லை. ஸ்டாமினா சார்ந்த வடிவமைப்பு முடிவுகளில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

உயிர்பிழைப்பு விளையாட்டுகளில் நிலைமை சிக்கலாகிறது. அங்கே ஆபத்து எதிரி மட்டுமல்ல. பசி, குளிர், இருட்டு, தூரம் எல்லாமே ஆபத்துதான். ஆகவே வெட்டவெளியில் ஓடுவதற்குச் செலவு வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் நொடிக் கணக்கில் இல்லாமல் அது நாள் கணக்கில் இருக்க வேண்டும்.

‘மைன்கிராஃப்ட்’ இதை எளிமையாகச் செய்கிறது. 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 பதிப்பில்தான் பசியும் விரைவோட்டமும் ஒன்றாக வந்தன. தனி ஸ்டாமினா பட்டை கிடையாது. 20 அலகு கொண்ட பசிப்பட்டை 6 அல்லது அதற்குக் கீழே போனால் விரைவாக ஓட முடியாது. கணினிக்கான ஜாவா பதிப்பில் ஓடும் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 என்று களைப்பு மறைவாகச் சேர்ந்துகொண்டே போகும், அது 4ஐத் தொடும்போது ஓர் அலகு கழியும். அதாவது 40 மீட்டருக்கு ஓர் அலகு. ஆனால் அது உடனே பசிப்பட்டையில் கழியாது. உணவு தரும் ‘சாச்சுரேஷன்’ என்ற கண்ணுக்குத் தெரியாத இருப்பு முதலில் தீரவேண்டும். சமைத்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று பசிக்கு 8, மறைவிருப்புக்கு 12.8 தருகிறது. கூட்டினால் 20.8 அலகு. குதிக்காமல் ஓடினால் ஏறத்தாழ 830 மீட்டர். ஆடுபவர் யாரும் இந்தக் கணக்கைப் போடமாட்டார். ஆனால் தூரப் பயணத்துக்குக் கிளம்பும்போது எத்தனை துண்டு எடுத்துக்கொள்வது என்று அவருக்கு உள்ளூரத் தெரியும். ஓட்டம் அங்கே சமையலோடும் கால்நடை வளர்ப்போடும் கட்டப்பட்டிருக்கிறது.

ஸ்வீடனின் அயர்ன் கேட் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘வால்ஹெய்ம்’ இரண்டு காலத்தையும் ஒரே பட்டையில் இணைக்கப் பார்த்தது. வெறும் வயிற்றோடு இருந்தால் பட்டை குட்டையாக இருக்கும், சாப்பிட்டால் நீளும். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ‘ஹார்த் அண்ட் ஹோம்’ மாற்றத்துக்குப் பிறகு சில உணவுகள் உயிரை அதிகமாகவும் சில உணவுகள் ஸ்டாமினாவை அதிகமாகவும் கூட்டும்படி பிரிந்தன. ஒரே நேரத்தில் மூன்று வகைதான் உண்ண முடியும் என்பதால், காலையில் எதைச் சாப்பிடுகிறோம் என்பதே அன்று எப்படிச் சண்டையிடப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்கும். நெருப்பருகே கூரைக்குக் கீழே சற்று இளைப்பாறினால் ‘ரெஸ்டட்’ என்ற நிலை கிடைத்து, ஸ்டாமினா திரும்பும் வேகம் இரட்டிப்பாகும். நனைந்தால் அந்த வேகம் குறையும், குளிரில் இன்னும் குறையும்.

வால்ஹெய்மில் எனக்குப் பிடித்ததும் பலருக்குப் பிடிக்காததும் ஒன்றே. மரம் வெட்டுவது, பாறை உடைப்பது, ஓடுவது, பதுங்குவது, வில்லை இழுப்பது, சண்டையிடுவது எல்லாவற்றுக்கும் ஒரே பட்டைதான். கருங்காட்டில் ஒரு பைன் மரத்தை மும்முரமாக வெட்டிக்கொண்டிருக்கும்போது பட்டை அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கிரேட்வார்ஃப் கூட்டம் வந்தால் தப்பி ஓடவும் தெம்பில்லை, திருப்பி அடிக்கவும் தெம்பில்லை. இரண்டு மூன்று முறை இப்படிச் செத்த பிறகு, கோடாரியை வீசும்போதே பட்டையில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைக்கும் பழக்கம் வந்துவிடும். வெறும் வேலையாக இருந்த மரவெட்டுக்குள் காட்டின் பயம் நுழைந்துவிடுகிறது. வேலியடைத்த சொந்த முற்றத்தில் நின்று கல் உடைக்கும்போதும் அதே பட்டை அதே வேகத்தில் தேய்வதுதான் குறை. அங்கே பயத்துக்குக் காரணமில்லை, காத்திருப்பு மட்டும் மிஞ்சுகிறது.

‘ப்ராஜெக்ட் சோம்பாய்ட்’ இதற்கு எதிர்த்திசையில் போய்ப் பட்டையையே மறைத்துவிட்டது. களைப்பு ஏறினால் திரையோரத்தில் ஒரு சின்னம் தோன்றும், கூடினால் அதன் நிலை மாறும். களைத்தவரின் அடியில் பலம் குறையும். திரும்பத் தேற நேரமெடுக்கும். தரையில் உட்கார்ந்தால் சீக்கிரம் தேறும், ஆனால் நடைப்பிணங்கள் திரியும் தெருவில் உட்கார யாருக்குத் துணிவு வரும்? இரண்டு மூன்று பிணங்களை அடித்து வீழ்த்தலாம் என்று இறங்கியவர் பத்தாவதில் கை சோர்ந்து சாகிறார். வினாடிக் கணக்கு பார்க்க வழியில்லாததால், சண்டையில் இறங்குவதா வேண்டாமா என்ற கேள்வி அது தொடங்கும் முன்பே எழுகிறது. சாவைப் பற்றிய விளையாட்டுக்கு அது பொருத்தம். கணத்துக்குக் கணம் வாள் வீசும் விளையாட்டில் இப்படி மறைத்தால், நான்காவது வெட்டு ஏன் தவறாயிற்று என்று ஆடுபவருக்குத் தெரியாமலே போய்விடும்.

புதிதாக ஒரு சண்டை விளையாட்டையோ உயிர்பிழைப்பு விளையாட்டையோ தொடங்குபவர், முதல் எதிரியைச் சந்திக்கும் முன் பாதுகாப்பான ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் செலவழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டை தீரும்வரை ஓடிப் பாருங்கள், தீர்ந்ததும் உடனே ஓட முடிகிறதா, முழுதாக நிரம்பவேண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு காற்றில் வாளை வீசிப் பட்டையைக் காலியாக்கி, கேடயத்தைத் தூக்கியபடி ஒருமுறையும் இறக்கிவைத்து ஒருமுறையும் அது ஏறுவதைப் பாருங்கள். விளையாட்டின் பயிற்சிப் பகுதிகள் பெரும்பாலும் எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்பதைச் சொல்லும், இந்த விதிகளைச் சொல்வதில்லை.